போட்டோ போய்விட்டது: சாலைச் சந்திப்பை வார்த்தையால் வரைந்து புகார் எழுதுவது எப்படி

வாகனக் காப்பீட்டு விண்ணப்பங்களைப் படித்துச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த் பக்கத்து ஆட்களுக்கு மனு எழுத உதவுகிறேன். "போட்டோ எடுத்தேன், போன் போய்விட்டது" என்று வருபவர்கள் அதிகம். அவர்கள் எழுதிக்கொண்டு வரும் காகிதத்தில் ஆத்திரம் இருக்கும், டாக்ஸிக்காரனின் திமிர் இருக்கும். எந்த வண்டி எந்தத் தடத்தில் நின்றது என்பது மட்டும் இருக்காது.

பக்கத்துத் தெரு ஆண்ட்டி ஒருவரின் கதையை வைத்தே சொல்கிறேன். மார்ச் மாதம், காலை 7:10. ரோபோட்டில் நின்று கிளம்பிய அவர் காரை ஒரு கோம்பி இடப்பக்கமாக வந்து உரசிவிட்டுப் போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. ஆண்ட்டி அங்கேயே நான்கு போட்டோ எடுத்தார். மூன்றாம் நாள் போன் திருடு போனது, போட்டோ வேறெங்கும் சேமிக்கப்படவில்லை. (ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே சிக்னலுக்குப் பெயர் ரோபோட். கோம்பி என்பது மினிபஸ் டாக்ஸி.)

1. முதலில் எழுதுங்கள், அப்புறம் மேப்பைத் திறங்கள்

போட்டோ போனது தெரிந்ததும் எல்லோரும் கூகுள் மேப்பில் அந்த இடத்தைத் தேடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். திரையில் ஒரு முறை பார்த்துவிட்டால், அன்று கண்ணால் பார்த்தது எது, இப்போது திரையில் பார்த்தது எது என்று உங்களுக்கே பிரிக்க வராது. அந்தப் படம் சில வருடம் பழையதாக இருக்கலாம், அதற்குள் தடக்கோடுகளை மாற்றிப் போட்டிருக்கலாம். பிறகு விசாரணையில் "அங்கே அம்புக்குறியே இல்லையே" என்று ஒருவர் கேட்டால் மொத்தப் புகாரும் ஆட்டம் காணும்.

ஒரு காகிதம் எடுத்து மேலே இன்றைய தேதி, நேரம் போடுங்கள். நினைவில் இருப்பதை, வரிசை பார்க்காமல், எழுதி முடியுங்கள். சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், அடித்துத் திருத்த வேண்டாம். இந்தக் காகிதத்தை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வைத்திருங்கள்.

ஆண்ட்டியின் முதல் காகிதத்தில் பதினோரு வரி இருந்தது. அதில் ஏழாவது வரிதான் கடைசியில் கை கொடுத்தது: "கோம்பிக்கு லெஃப்ட் அம்பு அடித்துக்கொண்டு இருந்தது, எனக்கு இன்னும் சிவப்பு." மேப்பை முதலில் பார்த்திருந்தால் இந்த வரி வந்திருக்காது. மேப்பில் விளக்கு எரிவது தெரியாதே.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

போலீஸில் பதிவு செய்த விபத்து அறிக்கையின் எண் முதல். தென்னாப்பிரிக்காவில் யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள், காயமில்லை என்றால் அடுத்த வேலை நாளில், போலீஸ் நிலையத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால் சந்திப்பை எவ்வளவு அழகாக வர்ணித்தாலும் முதல் கேள்வி அதிலேயே வந்து நிற்கும்.

அடுத்தது கார். இன்னும் பட்டறைக்குப் போகவில்லை என்றால் அடிபட்ட இடத்தை இன்றே போட்டோ எடுங்கள். சந்திப்பின் படம்தான் போனது, கீறல் எங்கேயும் போகவில்லை. கீறல் எந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். பின்னிருந்து முன்னாக இழுத்திருந்தால், உரசிய வண்டி உங்களைவிட வேகமாக முன்னே போயிருக்கிறது. முன்னிருந்து பின்னாக இருந்தால் நீங்கள்தான் வேகமாகப் போனீர்கள், அல்லது அது நின்றுகொண்டிருந்தது. ஆண்ட்டியின் காரில் இடப்பக்க முன் மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட், பின்னிருந்து முன்னாக.

கோம்பியின் நம்பர் பாதிதான் நினைவிருக்கிறது என்றால் உறுதியான எழுத்தை மட்டும் எழுதி, மற்ற இடத்தில் கோடு போடுங்கள். ND என்பது டர்பன் பதிவு, அது ஆயிரக்கணக்கான வண்டிகளில் இருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு எண் சரியாக நினைவிருந்தால்கூடத் தேட உதவும். ஊகித்து நிரப்பினால் வேறு யாரோ ஒருவரின் வண்டி மாட்டும்.

3. திசையை ஒரே இடத்தில் கட்டிப் போடுங்கள்

வருகிற காகிதங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் கெட்டுப்போகும். "கோம்பி இடப்பக்கத்தில் இருந்து வந்தது." யாருடைய இடப்பக்கம்? பக்கத்துத் தடத்தில் நின்றதா, குறுக்குச் சாலையில் இருந்து வந்ததா? இரண்டும் வேறு வேறு வழக்கு.

அதனால் முதல் வாக்கியத்திலேயே நீங்கள் எங்கே இருந்து எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதைச் சொல்லி, "இனி இடம், வலம் எல்லாம் என் கார் போகும் திசையை வைத்தே" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. எதிர்ச்சாலையைப் பற்றிச் சொல்லும்போதும் உங்கள் இடம், உங்கள் வலம்தான்.

வடக்கு, கிழக்கு தெரியாதே என்பார்கள். டர்பனில் அதற்குக் கவலையில்லை, கடல் கிழக்கே இருக்கிறது. "மேட்டில் இருந்து கடல் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன்" என்று ஆண்ட்டி சொன்னது அப்படியே போதும். வெயிலை வைத்துச் சொல்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். தமிழ்நாட்டில் வருடத்தின் பெரும்பகுதி இதற்கு நேர்மாறு. அந்தப் பழக்கத்தில் திசை குறித்தவர்களின் படம் தலைகீழாகத்தான் வரும்.

வெயில் இன்னொன்றுக்கும் வேண்டும். காலை ஏழேகால் மணிக்குக் கிழக்கே போனால் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும். "ரோபோட்டே உங்களுக்குத் தெரிந்திருக்காதே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். நீங்களே முந்திக்கொண்டு பதில் எழுதிவிடுங்கள்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் ஒரு சொல்லிடம் ஜாக்கிரதையாக இருங்கள்: "எதிரே". எனக்கு எதிரே ஒரு வண்டி என்றால், எனக்கு முன்னால் அதே பக்கம் போனதும் எதிரே, என்னை நோக்கி வந்ததும் எதிரே. பேச்சில் கை காட்டிப் புரியவைத்துவிடுவோம், காகிதத்தில் கை இல்லை. "எனக்கு முன்னால், என் திசையிலேயே" அல்லது "என்னை நோக்கி" என்று பிரித்து எழுதுங்கள். சோற்றுக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று சொல்லும் தாத்தாக்கள் எனக்குப் பிடித்தமானவர்கள். அவர்கள் ஒரு நாளும் இடம் வலம் மாற்றிச் சொன்னதில்லை.

4. தடங்களை நடைபாதையில் இருந்து எண்ணுங்கள்

"நடுத்தடம்", "வேகத்தடம்", "ஓரத்தடம்" எல்லாம் வேண்டாம். இடது நடைபாதையின் விளிம்புக்கல்லில் இருந்து வலப்பக்கமாக 1, 2, 3 என்று எண்ணுங்கள். விளிம்புக்கல் நகராது, படிக்கிறவரும் அங்கே இருந்தே எண்ணத் தொடங்கலாம்.

ஒரே இடத்தில் எண்ணி நிறுத்தினால் போதாது. பல சந்திப்புகளில் வரும்போது இரண்டு தடம், நிறுத்தக்கோட்டில் மூன்று தடம், தாண்டியதும் ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றத்தாலும் மோதல் நடக்கும். அதனால் மூன்று இடத்தில் எண்ணுங்கள்: சந்திப்புக்குச் சற்று முன்னால், நிறுத்தக்கோட்டில், சந்திப்பைத் தாண்டியதும்.

ஆண்ட்டி முதலில் எழுதியது: "மூணு லேன் இருக்கு, நான் நடுவில் இருந்தேன்." கேட்டுக் கேட்டுப் பிரித்ததும் இப்படி வந்தது. நிறுத்தக்கோட்டில் மூன்று தடம். 1இல் இடப்பக்கம் திரும்பும் அம்பு மட்டும். 2இல் நேர் அம்பு. 3இல் வலப்பக்க அம்பு, அதற்கு வலப்புறம் கல் வைத்த நடுத்திட்டு. தாண்டியதும் நேரே போக ஒரே தடம், அது 2ஆம் தடத்துக்கு நேராக இருக்கிறது. 1ஆம் தடத்துக்கு நேராக விளிம்புக்கல் வெளியே நீண்டு நிற்கிறது.

கடைசி வரியைப் பாருங்கள். 1ஆம் தடத்தில் இருந்து நேரே போகிற வண்டிக்குப் போக இடமில்லை, 2ஆம் தடத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும். "கோம்பி வேண்டுமென்றே கட் பண்ணினான்" என்று பத்து தடவை எழுதினாலும் இந்த ஒரு வரி செய்யும் வேலையைச் செய்யாது.

அம்புக்குறி தரையில் வரைந்ததா, கம்பத்தில் பலகையாக இருந்ததா என்பதையும் எழுதுங்கள். தரையில் இருந்தால் மேலே வண்டி நின்று மறைத்திருக்கும், மழையில் தேய்ந்திருக்கும்.

5. ரோபோட்டைப் பற்றி நீங்கள் பார்த்ததை மட்டும்

"எனக்குப் பச்சை, அவனுக்குச் சிவப்பு." இந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியை நம்புகிறவர் எவரும் இல்லை. குறுக்குச் சாலையின் விளக்கு உங்கள் பக்கம் திரும்பி இருக்காது. பார்க்க முடியாததைப் பார்த்ததாக எழுதினால், பார்த்ததாக எழுதிய மற்றதையும் சந்தேகிப்பார்கள். பார்த்ததைத் தனியாகவும், அதிலிருந்து நீங்கள் புரிந்துகொண்டதைத் தனியாகவும் எழுதுங்கள். "எனக்குப் பச்சை. குறுக்குச் சாலையில் வண்டிகள் கோட்டில் நின்றுகொண்டிருந்தன." இது போதும், மிச்சத்தைப் படிக்கிறவர் தானே கூட்டிக்கொள்வார்.

எந்தக் கம்பத்து விளக்கைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆண்ட்டி பார்த்தது சந்திப்புக்கு அப்பால் இடப்பக்கம் நின்ற கம்பம். அதன் பின்னால் ஒரு பெரிய மரம், அதன் நிழலில் விளக்கு தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கக் கம்பத்தை வெயிலில் பார்க்க முடியவில்லை என்று அவரே சொன்னார். அதையும் எழுதச் சொன்னேன். தயங்கினார். ஆனால் வெயில் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அம்பு விளக்கையும் வட்ட விளக்கையும் கலக்காதீர்கள். விட்டு விட்டு எரியும் பச்சை அம்பு, அது காட்டும் பக்கம் திரும்புகிறவர்களுக்கு மட்டும். வட்டம் சிவப்பாக இருக்கும்போதே அம்பு பச்சையாக எரியலாம். ஆண்ட்டி விஷயத்தில் நடந்தது அதுதான். முதலில் இடப்பக்க அம்பு மட்டும் விட்டு விட்டு எரிந்தது, கோம்பி அதை வைத்து நகர்ந்தது. அடுத்து வட்டம் பச்சையானது, ஆண்ட்டி கிளம்பினார். கோம்பி இடப்பக்கம் திரும்பாமல் நேரே வந்தது. "பச்சை விழுந்தது, இரண்டு பேரும் கிளம்பினோம்" என்று எழுதியிருந்தால் தப்பு இரண்டு பேர் தலையிலும் பாதிப் பாதியாக விழுந்திருக்கும்.

மின்சாரம் போய் ரோபோட் அணைந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது அது நான்கு பக்கமும் நிறுத்திப் போக வேண்டிய சந்திப்பு. யார் முதலில் வந்து நின்றார்கள் என்பதே கேள்வியாகிவிடும், நிறத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

6. வண்டிகளை மூன்று இடத்தில் நிறுத்திக் காட்டுங்கள்

ஓடுகிற வண்டியை ஓட்டமாகவே எழுதினால் யாருக்கும் புரியாது. மூன்று கணத்தில் நிறுத்துங்கள்: கிளம்பும் முன், மோதிய கணம், கடைசியில் நின்ற இடம். ஒவ்வொன்றிலும் இரண்டு வண்டியும் எங்கே என்று சொல்லுங்கள். போன போட்டோக்கள்கூட மூன்றாவது கணத்தைத்தான் காட்டியிருக்கும், முதல் இரண்டும் எப்படியும் உங்கள் வார்த்தையில்தான் வர வேண்டும்.

தூரத்தை மீட்டரில் சொல்ல வராது என்றால் கார் நீளத்தில் சொல்லுங்கள். சாதாரணக் கார் ஒன்று சுமார் 4 மீட்டர். "நிறுத்தக்கோட்டில் நான் முதல் வண்டி, கோம்பியின் முன்பக்கம் என் முன்பக்கத்தைவிட அரைக் கார் நீளம் பின்னால்" என்றால் யாராலும் வரைய முடியும். "பக்கத்தில்" என்றால் முடியாது.

மோதிய இடத்தை அசையாத ஒரு பொருளோடு கட்டுங்கள். ஆண்ட்டிக்கு அது அப்பால் இருக்கும் பாதசாரிகள் கடக்கும் கோடு: "அதைத் தாண்டி ஒரு கார் நீளம்." எந்த வண்டியின் எந்தப் பாகம் எதில் பட்டது என்பதையும் இங்கேயே சொல்லுங்கள். கோம்பியின் வலப்பக்கப் பின்பகுதி, ஆண்ட்டி காரின் இடப்பக்க முன் மட்கார்டு.

7. இடத்துக்குப் போங்கள், கணக்கைப் பாருங்கள்

இப்போதுதான் மேப்பும் நேரடிப் பார்வையும். அதே நேரத்தில், முடிந்தால் அதே கிழமையில் போங்கள். புதிதாகப் போட்டோ எடுங்கள், அதன் கீழே எடுத்த தேதியைப் போட்டு "சம்பவத்துக்குப் பின் எடுத்தது" என்று எழுதுங்கள். பழைய போட்டோ மாதிரி கொடுத்துவிடலாம் என்று ஒரு தம்பி முயன்றான். போட்டோவில் கடை வாசலில் தொங்கிய விளம்பரத் தேதி அவனைக் காட்டிக் கொடுத்தது.

ஸ்ட்ரீட் வியூ பார்த்தால் திரையில் Image capture என்று மாதமும் வருடமும் போட்டிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பார்த்தது உங்கள் முதல் காகிதத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் காகிதத்தைத் திருத்தாதீர்கள். "3 தடம் என்று நினைவு. இன்று போய்ப் பார்த்ததில் 3தான்" அல்லது "இன்று 2 இருக்கிறது" என்று புதிய வரி சேருங்கள்.

தூரத்தை நடந்தே அளக்கலாம். சாலைக்குள் இறங்க வேண்டாம், நடைபாதையில் நிறுத்தக்கோட்டுக்கு நேராக நின்று, தெருவைக் கடக்க வேண்டிய இடத்தில் ரோபோட் பார்த்துக் கடந்து, மோதிய இடத்துக்கு நேராக வரும்வரை நடந்து காலடியை எண்ணுங்கள். உங்கள் காலடி எவ்வளவு என்று வீட்டு முற்றத்தில் முன்பே அளந்துவையுங்கள். ஆண்ட்டிக்கு 50 காலடி, ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர். 30 மீட்டர்.

இந்த 30 மீட்டர் நேரத்தோடு பொருந்துகிறதா? நின்ற இடத்தில் இருந்து நிதானமாகக் கிளம்பும் கார் 30 மீட்டரைக் கடக்க ஆறேழு விநாடி ஆகும். அப்போது வேகம் மணிக்கு 30, 35 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஆண்ட்டி முதலில் "பச்சை விழுந்த இரண்டாவது விநாடி இடித்தான், நான் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன்" என்று எழுதியிருந்தார். இரண்டுமே நடக்க முடியாதவை. பொய் சொல்லவில்லை, பயத்தில் நேரம் சுருங்கித் தெரியும், வேகம் கூடித் தெரியும். மீட்டரை அவர் பார்க்கவில்லை என்பதால் வேகத்தை எடுத்துவிட்டோம். விநாடிக்குப் பதிலாக "சந்திப்பை முழுதும் கடந்த பிறகு" என்று போட்டோம். தெரியாத எண்ணை விட்டுவிடுவதில் நஷ்டமில்லை, தப்பான எண்ணால்தான் நஷ்டம்.

போனதோடு சுற்றிலும் பாருங்கள், பெட்ரோல் பங்க்கிலோ கடையிலோ கேமரா இருந்தால் உடனே கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும்.

8. சேர்த்து எழுதியது

வரிசை இதுதான்: நான் போன திசை, சாலை, விளக்கு, வண்டிகள். அசையாததில் இருந்து அசைவதற்கு. ஆண்ட்டியின் வாக்குமூலத்தின் நடுப்பகுதி, சாலைப் பெயர்களை மட்டும் மாற்றி:

"1. நான் பெரிய சாலையில் மேற்கே மேட்டில் இருந்து கிழக்கே கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். இடம், வலம் என்பவை என் கார் போன திசையை வைத்து.

2. நிறுத்தக்கோட்டில் மூன்று தடங்கள். இடது விளிம்புக்கல்லில் இருந்து எண்ணினால், 1ஆம் தடத்தில் தரையில் இடப்பக்க அம்பு மட்டும், 2ஆம் தடத்தில் நேர் அம்பு, 3ஆம் தடத்தில் வலப்பக்க அம்பு. சந்திப்புக்கு அப்பால் நேரே போக ஒரே தடம், அது 2ஆம் தடத்துக்கு நேராக உள்ளது.

3. நான் 2ஆம் தடத்தில் முதல் வண்டி. வெள்ளைக் கோம்பி ஒன்று 1ஆம் தடத்தில், என்னைவிட அரைக் கார் நீளம் பின்னால் நின்றது.

4. அப்பால் இடப்பக்கக் கம்பத்தின் விளக்கைப் பார்த்தேன். இடப்பக்கப் பச்சை அம்பு விட்டு விட்டு எரிந்தது, வட்டம் சிவப்பு. கோம்பி நகர்ந்தது. பிறகு வட்டம் பச்சையானது, நான் கிளம்பினேன். வலப்பக்கக் கம்பம் வெயிலில் எனக்குத் தெரியவில்லை.

5. கோம்பி இடப்பக்கம் திரும்பவில்லை. என் இடப்புறமாக நேரே வந்து, சந்திப்பைக் கடந்ததும் என் தடத்துக்குள் நுழைந்தது. அப்பால் இருக்கும் பாதசாரிகள் கோட்டைத் தாண்டி ஒரு கார் நீளத்தில், அதன் வலப்பக்கப் பின்பகுதி என் காரின் இடப்பக்க முன் மட்கார்டில் உரசியது. நான் அதே தடத்தில் நின்றேன். கோம்பி நிற்காமல் போனது.

6. அன்று எடுத்த போட்டோக்கள் போன் திருட்டில் போயின. இணைத்துள்ள போட்டோக்கள் பின்னர் எடுத்தவை."

ஆறாவது வரியை ஒளிக்காதீர்கள். போன் திருட்டுக்கும் போலீஸ் பதிவு இருந்தால் அந்த எண்ணையும் அதில் சேருங்கள்.

9. தெரியாத ஒருவரை வரையச் சொல்லுங்கள்

சந்திப்பைப் பார்த்தே இராத ஒருவரிடம் காகிதத்தைக் கொடுத்து, பேச்சுக் கொடுக்காமல் படம் வரையச் சொல்லுங்கள். நீங்கள் வரையக் கூடாது, உங்கள் தலையில் படம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆண்ட்டியின் பேரன் வரைந்தான். தடம் சரி, ரோபோட் சரி. கோம்பியை மட்டும் நடுத்திட்டுக்குப் பக்கத்தில், காரின் வலப்புறம் போட்டான். ஏனென்று கேட்டதும் "அந்த வரியில் 'பக்கமாக வந்து'ன்னுதானே இருக்கு, எந்தப் பக்கம்னு இல்லையே ஆயா" என்றான். அப்போதுதான் 5ஆம் வரியில் "என் இடப்புறமாக நேரே வந்து" என்று சேர்த்தோம். இரண்டாம் முறை சரியாக வரைந்தான்.

அந்தப் படத்தையே சுத்தமாக வரைந்து, மேலே வடக்கு அம்பு போட்டு, "அளவுப்படி வரைந்ததல்ல" என்று எழுதி இணைத்தோம். கையெழுத்தை வீட்டில் போட்டுவிடாதீர்கள். போலீஸ் நிலையத்தில் பிரமாணம் எடுக்கும்போது அதிகாரி முன்னால்தான் போட வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ஆண்ட்டி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை நகலைப் போனில் வைக்கவில்லை, சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.